பதிவு செய்யும்போது ஏற்றுக்கொண்ட பிளஸ் மெயில், பாஸ்வேர்டு மறந்தால் ஏன் செல்லாது?

சேலம் அஸ்தம்பட்டியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். ஏற்காட்டுக்கு ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் எங்கள் வழியாகத்தான் போக வேண்டும். அதனால் மலையில் ஹோம்ஸ்டே நடத்துகிறவர்கள், எஸ்டேட்காரர்கள் பலர் கடைக்கு வருவார்கள். போன மே மாதம், மெயில் ஐடியில் பெயருக்குப் பின்னால் + குறியும் ஒரு சொல்லும் சேர்த்து ஆரம்பித்திருந்த ஒரு அக்காவின் கணக்கை மீட்க ஒரு மதியம் முழுக்க ஆனது. அதற்குப் பிறகு அதே சிக்கலோடு இன்னும் சிலர் வந்தார்கள். அவர்கள் கேட்ட கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். கீழே வரும் முகவரிகளை மாற்றியிருக்கிறேன். @example.com என்று இருக்கும் இடத்தில் @gmail.com என்று வைத்துப் படித்துக்கொள்ளுங்கள்.

கணக்கு ஆரம்பிக்கும்போது எடுத்துக்கொண்ட அதே மெயில் ஐடியை, பாஸ்வேர்டு மறந்ததும் "தவறான முகவரி" என்கிறது. ஒரே ஐடி எப்படி ஒரு இடத்தில் சரி, இன்னொரு இடத்தில் தப்பு?

உங்கள் ஐடியைப் பார்த்தது இரண்டு வேறு ஆட்கள் எழுதிய இரண்டு சோதனைகள். நீங்கள் கணக்கு ஆரம்பித்தது ஒரு சேவையில். பாஸ்வேர்டு மாற்றப் போனது பெரும்பாலும் அதன் கூட்டாளி நிறுவனத்தின் பக்கத்தில். அறை பதிவு செய்யும் தளம் ஒருவருடையதாக இருக்கும், பணம் பட்டுவாடா செய்யும் தளம் வேறொருவருடையதாக இருக்கும். முதல் தளம் உங்கள் முகவரியை வாங்கி, இரண்டாவது தளத்துக்குப் பின்வாசல் வழியாக அனுப்பிவிடும். அந்த வழியில் சோதனை எதுவும் இருக்காது, கணக்கு உருவாகிவிடும். பல மாதம் கழித்து நீங்களே முன்வாசலில் போய் அந்த முகவரியைத் தட்டும்போதுதான் அங்கே இருக்கும் சோதனை முதல்முறையாக உங்களைத் தடுக்கிறது.

ஒரே நிறுவனத்துக்குள்ளும் இது நடக்கும். வெப்சைட்டை ஒரு குழுவும் ஆப்பை இன்னொரு குழுவும் எழுதியிருப்பார்கள்.

பிளஸ் போட்ட முகவரி என்பது சரியான முகவரிதானா? இல்லை, ஏதாவது குறுக்கு வழியா?

முழுக்கச் சரியான முகவரி. @ குறிக்கு முன்னால் இருக்கும் பகுதியில் என்னென்ன எழுத்து வரலாம் என்று இணைய விதிகள் வரையறுத்திருக்கின்றன. அந்தப் பட்டியலில் + இருக்கிறது. 2008-ல் வந்த RFC 5321 என்ற மெயில் அனுப்பும் விதி இன்னொன்றையும் சொல்கிறது: @-க்கு முன்னால் இருப்பதற்கு என்ன பொருள் என்பதை, அந்தப் பெட்டியை வைத்திருக்கும் மெயில் நிறுவனம் மட்டுமே முடிவு செய்ய வேண்டும். நடுவில் இருக்கும் யாரும் அதை வெட்டவோ ஊகிக்கவோ கூடாது.

ஜிமெயிலில் malaiveedu என்று ஐடி இருந்தால், malaiveedu+booking என்று எழுதி அனுப்பினாலும் அதே பெட்டிக்குத்தான் வரும். அவுட்லுக், ஐகிளவுட், புரோட்டான் ஆகியவற்றிலும் இப்படியே. எந்தக் கடைக்கு எந்த முகவரி கொடுத்தோம் என்று பிரித்துவைக்கவும், யார் நம் முகவரியை வெளியே விற்றார்கள் என்று கண்டுபிடிக்கவும் இதைப் பயன்படுத்துகிறார்கள். நல்ல பழக்கம்தான். அதைத் தடுக்கும் தளத்தில்தான் தப்பு இருக்கிறது, உங்களிடம் இல்லை. ஆனால் கணக்கு பூட்டிக்கிடக்கும்போது யார் தப்பு என்று பேசிப் பயனில்லை. அதனால் வேலைக்கு வருவோம்.

என்னுடையது எந்த மாதிரி சிக்கல் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

எந்த நொடியில் தடுக்கிறது என்று கவனித்தால் போதும். மூன்று இடங்களில் தடுக்கலாம்.

முதல் இடம், முகவரியைத் தட்டும் பெட்டியே. அனுப்பு பட்டனை அழுத்துவதற்கு முன்பே, அல்லது அழுத்திய அதே நொடியில், "சரியான மின்னஞ்சலை உள்ளிடவும்" என்று சிவப்பில் வரும். இப்போது பிளஸையும் அதற்குப் பிறகு வரும் சொல்லையும் அழித்துப் பாருங்கள். சிவப்பு மறைந்தால், அந்தப் பெட்டிக்குப் பிளஸ் என்ற எழுத்தே பிடிக்கவில்லை என்று அர்த்தம். உங்கள் கணக்கு இருக்கிறதா இல்லையா என்று அது இன்னும் பார்க்கவே இல்லை. அதனால் பயப்பட வேண்டாம், கணக்கு பத்திரமாக இருக்கும்.

இரண்டாவது இடம், தேடும்போது. பெட்டி ஏற்றுக்கொள்ளும், கொஞ்ச நேரம் சுற்றும், பிறகு "இப்படி ஒரு கணக்கு இல்லை" என்று வரும். பதிவேட்டில் பிளஸோடு எழுதியிருக்கிறது, தேடும்போது பிளஸை வெட்டிவிட்டுத் தேடுகிறது. அல்லது பிளஸ் இருந்த இடத்தில் வெற்றிடம் வைத்துத் தேடுகிறது. இரண்டுமே கிடைக்காது. பல தளங்கள் பாதுகாப்புக்காக "கணக்கு இருந்தால் மெயில் வரும்" என்று மட்டும் பொதுவாகச் சொல்லும். யாருக்குக் கணக்கு இருக்கிறது என்று திருடர்கள் துழாவிப் பார்க்கக்கூடாது என்பதற்காக அப்படி. அது நல்ல ஏற்பாடுதான். ஆனால் நம் நிலையில், மெயில் வராமல் போனால் கணக்கு இல்லையா, தேடல் தவறியதா என்று தெரியாது. ஸ்பேம், புரோமோஷன்ஸ் இரண்டையும் பார்த்துவிட்டு, அரை மணி நேரம் பொறுத்தும் வரவில்லை என்றால் தேடல் தவறியது என்று எடுத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது இடம்தான் நான் அதிகம் பார்ப்பது. மெயில் வரும், அதில் லிங்கும் இருக்கும். அழுத்தினால் "லிங்க் செல்லாது" என்றோ "கணக்கு இல்லை" என்றோ சொல்லும். இதை நம்மாலேயே சரிசெய்ய முடியும். அடுத்த பதிலில் அதுதான்.

ஏற்காட்டு அக்கா கணக்கை எப்படி மீட்டீர்கள்? ஆரம்பத்திலிருந்து சொல்லுங்கள்.

பகோடா பாயிண்ட் போகும் பக்கம் அக்காவுக்கு ஒரு சின்னக் காப்பித் தோட்டம். அதிலேயே மூன்று அறைகளை வாடகைக்கு விடுகிறார். இரண்டு வருடம் முன்னால் அக்காவின் தம்பி மகன், அறை பதிவுத் தளத்தில் அவர் பெயரில் கணக்கு ஆரம்பித்துக் கொடுத்திருக்கிறான். படிக்கிற பையன், விவரமானவன். அதனால் அக்காவின் ஜிமெயிலில் +booking சேர்த்துவிட்டான். பிறகு அவன் வெளியூர் வேலைக்குப் போய்விட்டான்.

மே மாதம் மூன்று அறையும் நிரம்பியிருந்தபோது, வரவேண்டிய பணம் நின்றுபோனது. வங்கிக் கிளையின் ஐஎஃப்எஸ்சி எண் மாறியிருந்தது. பட்டுவாடா தளத்தில் நுழைந்து புது எண்ணைக் கொடுத்தால்தான் பணம் வரும். போன் மாற்றியதில் பழைய பாஸ்வேர்டு போய்விட்டது. 41,600 ரூபாய் அங்கே தேங்கிக் கிடந்தது. "தம்பி, நான் என்னமோ தப்பா அடிக்கிறேனாட்ட இருக்குது, நீ பாரு" என்று போனை என் கையில் கொடுத்தார்.

முதலில், கணக்கு எந்த முகவரியில் இருக்கிறது என்று உறுதி செய்தேன். அக்கா வெறும் malaiveedu தான் தன் ஐடி என்று நினைத்திருந்தார். பழைய வரவேற்பு மெயிலைத் திறந்து "பெறுநர்" வரியைப் பார்த்ததும்தான் +booking தெரிந்தது. அதுவரை அவர் வெறும் முகவரியைப் போட்டு நாலைந்து முறை முயன்றிருக்கிறார். அந்த முயற்சிகள் எல்லாம் வீண்.

பட்டுவாடா தளத்தின் பாஸ்வேர்டு மறந்த பக்கத்தில் முழு முகவரியையும் தட்டினேன். உடனே சிவப்பு. பிளஸை எடுத்தேன், சிவப்பு போனது. ஆக, பெட்டியின் சோதனையே தடுக்கிறது. சிலர் இந்த இடத்தில் பிளஸுக்குப் பதில், லிங்குக்குள் பிளஸைக் குறிக்கும் %2B என்பதைத் தட்டிப் பார்ப்பார்கள். பெட்டிக்குள் அது வேலை செய்யாது. அந்த மூன்று எழுத்துகளையும் அப்படியே உங்கள் பெயரின் பகுதியாக எடுத்துக்கொள்ளும்.

அடுத்து, அதே நிறுவனத்தின் ஆப்பை இறக்கினேன். ஆப்பில் இருந்த பெட்டி பிளஸை ஏற்றுக்கொண்டது. நாலு நிமிடத்தில் மெயில் வந்தது. லிங்க் 30 நிமிடம்தான் செல்லும் என்று போட்டிருந்தது. நல்லவேளை, சேலத்தில் இருந்தோம். மலை மேல் சிக்னல் விட்டுவிட்டு வரும் இடத்தில் இந்த அரை மணி சட்டென்று போய்விடும்.

லிங்கை அழுத்தினேன். பக்கம் திறந்தது. "malaiveedu booking@example.com என்ற கணக்கு இல்லை" என்றது. அந்த வரியைக் கொஞ்சம் நெருங்கிப் பாருங்கள். malaiveedu-க்கும் booking-க்கும் நடுவில் ஒரு இடைவெளி. பிளஸ் காணாமல் போய் அங்கே வெற்றிடம் உட்கார்ந்திருக்கிறது. அந்த ஓர் எழுத்து அகல இடைவெளியைப் பார்த்ததும் எனக்கு மூச்சு வந்தது. என்ன நடந்திருக்கிறது என்று அதுவே சொல்லிவிட்டது.

பிரவுசரின் மேலே இருந்த முகவரிப் பட்டையில் இப்படி இருந்தது:

```
https://payout.example.com/reset?token=7f3c91&email=malaiveedu+booking@example.com
```

அதில் பிளஸ் இருந்த ஓர் இடத்தை மட்டும் மாற்றினேன்:

```
https://payout.example.com/reset?token=7f3c91&email=malaiveedu%2Bbooking@example.com
```

என்டர் தட்டியதும் புது பாஸ்வேர்டு கேட்கும் இரண்டு பெட்டிகள் வந்தன. வேறு எதையும் தொடவில்லை. அக்காவே பாஸ்வேர்டு போட்டார், நான் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அதோடு முடியவில்லை. வெப்சைட்டின் லாகின் பக்கத்திலும் அதே சோதனை இருந்ததால், புது பாஸ்வேர்டு இருந்தும் அங்கே நுழைய முடியவில்லை. ஆப் வழியாக நுழைந்து ஐஎஃப்எஸ்சியை மாற்றினோம். அங்கேயே மெயில் முகவரியையும் மாற்றலாம் என்று பார்த்தால், அது அறை பதிவுத் தளத்தில் மாற்றினால்தான் இங்கே மாறும் என்றது. அந்தக் கணக்கு தம்பி மகனின் பழைய டேப்லெட்டில் திறந்தே கிடந்தது. அவன் போனில் வழி சொல்ல, அக்கா வீட்டுக்குப் போய் வெறும் முகவரியாக மாற்றினார். மறுநாள் பட்டுவாடா தளத்திலும் மாறிவிட்டது. அடுத்த வாரம் பணம் வந்துசேர்ந்தது.

பிளஸ் எப்படி இடைவெளியாக மாறுகிறது? கொஞ்சம் புரியும்படி சொல்லுங்கள்.

இணைய முகவரிக்குள் இடைவெளி விட முடியாது. அதனால் படிவத்தில் நாம் தட்டும் இடைவெளிகளை + என்று எழுதி அனுப்பும் வழக்கம் ஆரம்பத்திலிருந்தே இருக்கிறது. வாங்கும் கம்ப்யூட்டர், கேள்விக்குறிக்குப் பின்னால் + பார்த்தால் அதை இடைவெளியாகத் திருப்பிவிடும். அப்படியானால் நிஜமான பிளஸை எப்படி அனுப்புவது? அதற்கு %2B என்று எழுத வேண்டும். பிளஸ் எழுத்தின் எண் 43, அதைப் பதினாறடிமான எண்முறையில் எழுதினால் 2B. லிங்கைத் தயாரித்தவர் இந்த மாற்றத்தைச் செய்ய மறந்திருக்கிறார். மெயிலை அனுப்பும்போது முகவரி சரியாக இருந்தது, அதனால்தான் மெயில் உங்களுக்கு வந்தது. லிங்குக்குள் நுழைந்தபோதுதான் கெட்டுப்போனது.

நான் லிங்கைத் திருத்தினால் ஆபத்து இல்லையா? எதைக் கவனிக்க வேண்டும்?

நீங்கள் கேட்டு, உங்கள் பெட்டிக்கு, சற்று முன் வந்த லிங்காக இருந்தால் ஆபத்து இல்லை. கேட்காமல் வந்த லிங்கைத் திறக்கவே வேண்டாம், திருத்துவது அப்புறம். தளத்தின் பெயர் சரிதானா என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள். token என்று இருக்கும் நீளமான பகுதிதான் சாவி. அதில் ஓர் எழுத்து மாறினாலும் லிங்க் கெட்டுவிடும். திருத்தித் தரச் சொல்லி அந்த லிங்கை வாட்ஸாப் குழுவில் போட்டுவிடாதீர்கள். யார் கையில் இருக்கிறதோ அவர் உங்கள் பாஸ்வேர்டை மாற்ற முடியும்.

மெயிலில் இருக்கும் லிங்கை நகலெடுத்தால் பெரும்பாலும் வேறு ஏதோ நீள முகவரி வரும். யார் அழுத்தினார்கள் என்று கணக்கெடுப்பதற்காக இடையில் ஒரு தளம் வழியாகச் சுற்றிவிடுவார்கள். அதனால் முதலில் அழுத்தித் திறந்துவிட்டு, பக்கம் வந்து நின்ற பிறகு மேல் பட்டையில் திருத்துங்கள். மெயில் ஆப்புக்குள்ளேயே திறந்தால் பட்டையைத் திருத்த விடாது. குரோம் போன்ற பிரவுசரில் திறக்கும்படி செய்துகொள்ளுங்கள்.

பட்டையில் ஏற்கெனவே %2B இருந்தால் சிக்கல் வேறு எங்கோ, அதைத் தொட வேண்டாம். %252B என்று இருந்தால் இரண்டு முறை மாற்றிவிட்டார்கள் என்று அர்த்தம். அதை %2B ஆக்கிப் பாருங்கள். பட்டையில் உங்கள் மெயில் முகவரியே இல்லை, token மட்டும்தான் இருக்கிறது என்றால் இந்த வழி பயன்படாது. அப்போது லிங்க் வேலை செய்யாததற்குக் காரணம் பெரும்பாலும் நேரம் கடந்துபோனது. புதிதாக ஒன்று கேளுங்கள். நாலைந்து மெயில் கேட்டிருந்தால் கடைசியாக வந்ததை மட்டும் திறங்கள். பல தளங்களில் புது லிங்க் வந்ததும் பழையது செத்துவிடும்.

எந்தச் சொல்லைச் சேர்த்தேன் என்றே நினைவில்லை. எப்படித் தேடுவது?

அந்தச் சேவை எப்போதாவது உங்களுக்கு அனுப்பிய மெயில் ஒன்றைக் கண்டுபிடியுங்கள். பில், ரசீது, வரவேற்பு எதுவானாலும் சரி. ஜிமெயிலில் அனுப்பியவர் பெயருக்குக் கீழே "எனக்கு" என்று மட்டும் காட்டும். பக்கத்தில் இருக்கும் சின்ன அம்புக்குறியைத் தட்டினால் முழு முகவரி விரியும். சொல் ஓரளவு நினைவிருந்தால் தேடும் பெட்டியில் இப்படிப் போட்டுப் பாருங்கள்:

```
to:malaiveedu+booking@gmail.com
```

பெரும்பாலானவர்கள் தளத்தின் பெயரையோ அதன் சுருக்கத்தையோதான் சேர்த்திருப்பார்கள். ஆனால் ஊகித்து ஊகித்து மீட்புப் பக்கத்தில் தட்டாதீர்கள். சில முயற்சிகளுக்குப் பிறகு கொஞ்ச நேரம் பூட்டிவிடும். ஊகிப்பதை எல்லாம் உங்கள் பெட்டியின் தேடலில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிளஸை எடுத்துவிட்டு வெறும் முகவரியைப் போடலாமா? அல்லது "கூகுள் மூலம் நுழை" பட்டனை அழுத்தலாமா?

பாஸ்வேர்டு மறந்த பக்கத்தில் வெறும் முகவரியை ஒருமுறை முயன்று பார்க்கலாம். பிளஸை வெட்டிவிட்டுச் சேமிக்கும் தளமாக இருந்தால் கிடைத்துவிடும், செலவில்லாத சோதனை.

ஆனால் கூகுள் பட்டன் வேறு விஷயம். அதை அழுத்தினால் கூகுள் உங்கள் வெறும் முகவரியைத்தான் கொடுக்கும். பிளஸ் சேர்த்தது அதற்குத் தெரியாது. பெரும்பாலான தளங்களுக்கு malaiveedu ஒருவர், malaiveedu+booking இன்னொருவர். அதனால் பழைய கணக்குக்குப் போகாமல் புத்தம்புது வெற்றுக் கணக்கு ஒன்று உருவாகிவிடும். உள்ளே போனதும் பழைய பதிவுகள் எதுவும் இல்லாததைப் பார்த்து, எல்லாம் அழிந்துவிட்டது என்று ஒருவர் கடையில் வந்து அழுதேவிட்டார். அழியவில்லை, அவர் பக்கத்து அறைக்குள் போயிருந்தார். அவ்வளவுதான். அந்தப் புதுக் கணக்கு பிறகு தொல்லையும் கொடுக்கும். பழைய கணக்கின் முகவரியை வெறும் முகவரியாக மாற்றப் போனால் "இந்த முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது" என்று சொல்லும். அப்படி உருவாகிவிட்டால் முதலில் அந்த வெற்றுக் கணக்கை நீக்குங்கள்.

உதவி மையத்துக்கு எழுதினால் "பதிவு செய்த முகவரியிலிருந்து எழுதுங்கள்" என்கிறார்கள். பிளஸ் முகவரியிலிருந்து எப்படி மெயில் அனுப்புவது?

நாம் சாதாரணமாக எழுதினால் வெறும் முகவரியிலிருந்துதான் போகும். அவர்கள் திரையில் இரண்டும் பொருந்தாது, ஆள் வேறு என்று மூடிவிடுவார்கள். ஜிமெயிலை கம்ப்யூட்டரில் திறந்து அமைப்புகளுக்குப் போங்கள். "Accounts and Import" பகுதியில் "Send mail as" என்ற இடம் இருக்கும். அங்கே "Add another email address" அழுத்தி உங்கள் பிளஸ் முகவரியைச் சேருங்கள். பிறகு புது மெயில் எழுதும்போது அனுப்புநர் வரியில் அந்த முகவரியைத் தேர்ந்தெடுக்கலாம். முதலில் உங்களுக்கே ஒன்று அனுப்பிச் சரியாக வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எழுதும்போது "லாகின் ஆகவில்லை" என்று மட்டும் எழுதினால், பாஸ்வேர்டை மாற்றிப் பாருங்கள் என்ற அச்சடித்த பதில்தான் வரும். முகவரியில் + இருக்கிறது, உங்கள் மீட்புப் பக்கம் அதை ஏற்கவில்லை, அதே முகவரியில்தான் கணக்கு இருக்கிறது என்று மூன்று வரியில் சொல்லுங்கள். சிவப்பு எழுத்து தெரியும் ஸ்கிரீன்ஷாட் ஒன்றும், கடைசியாக வந்த ரசீதின் எண்ணும் சேருங்கள். கேட்க வேண்டியது ஒன்றுதான்: கணக்கின் முகவரியை இந்த வெறும் முகவரியாக மாற்றித் தாருங்கள். பிளஸை ஏற்கும்படி தளத்தைத் திருத்துங்கள் என்றும் கேட்கலாம், கேட்க வேண்டும். ஆனால் அது இந்த மாதம் நடக்காது. பதில் வராவிட்டால் தளத்தின் அடியில் குறைதீர்ப்பு அலுவலர் முகவரி இருக்கும், அங்கே எழுதுங்கள்.

உதவி எண்ணைத் தேடுபொறியில் தேடி அழைக்காதீர்கள். பணம் சிக்கியவர்களைப் பிடிக்கவே போலி எண்கள் போட்டு வைத்திருக்கிறார்கள். ஆப்புக்குள் இருக்கும் எண் மட்டும்தான். ஓடிபி சொல்லிப் பணம் போய்விட்டது என்றால் உடனே 1930-க்கு அழையுங்கள்.

பிளஸ் இல்லாத மாற்று முகவரிகள், நம் நிஜ முகவரியை மறைக்க ஆப்பிள் கொடுக்கும் மறைமுகவரி மாதிரி, அவற்றுக்கும் இதே சிக்கல்தானா?

லிங்க் கெடாது, ஏனென்றால் அதில் பிளஸ் இல்லை. அங்கே தடுப்பது @-க்குப் பின்னால் இருக்கும் பெயர். தற்காலிக முகவரிகளைத் தடுக்கும் பட்டியலில் அந்தப் பெயர் இருந்தால், ஒரு தளம் ஏற்கும், இன்னொன்று ஏற்காது. இன்னொரு வேறுபாடும் உண்டு. பிளஸ் முகவரி உங்கள் பெட்டி இருக்கும்வரை வேலை செய்யும். மறைமுகவரியை நீங்கள் அணைத்துவிட்டால் மீட்பு மெயில் போக இடமே இருக்காது. அணைப்பதற்கு முன் அதில் எந்தக் கணக்குகள் தொங்குகின்றன என்று பார்த்துவிடுங்கள்.

அண்ணா, நான் ஜவுளிக்கடை ஒன்றுக்கு வெப்சைட் செய்கிறேன். என் பக்கத்தில் இந்தத் தப்பு இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

கேட்டதற்கு நன்றி தம்பி, இந்தக் கேள்வியை நிறையப் பேர் கேட்டிருந்தால் அந்த அக்கா மலையிறங்கி வந்திருக்க வேண்டியதில்லை. முதலில் சோதனை வரியைப் பார். இப்படி இருக்கும்:

```
^[A-Za-z0-9._-]+@[A-Za-z0-9.-]+$
```

இதில் பிளஸ் தெரிகிறதே, ஏற்றுக்கொள்ளும் போலிருக்கிறது என்று தோன்றும். சதுர அடைப்புக்கு வெளியே இருக்கும் பிளஸுக்கு "ஒன்றோ அதற்கு மேலோ" என்று அர்த்தம். பிளஸ் எழுத்தை அனுமதிக்க வேண்டுமானால் அடைப்புக்குள் இருக்க வேண்டும். நான் சொல்வது, இந்த வரியையே தூக்கிவிட்டு type="email" போடு. அதன் சோதனை பிளஸை ஏற்கும். முகவரி நிஜமா என்பதை ஒரு மெயில் அனுப்பித்தான் உறுதி செய்ய முடியும்.

அடுத்து லிங்க். மெயில் முகவரியை லிங்குக்குள் வைக்காமல் இருப்பதே நல்லது. token யாருடையது என்று உன் பதிவேட்டுக்குத் தெரியும். வைத்தே ஆக வேண்டும் என்றால்:

```js
const link = base + "?token=" + token +
  "&email=" + encodeURIComponent(email);
```

பெயர் பார்க்க ஒன்று போலிருக்கும் encodeURI என்பது பிளஸைத் தொடாமல் விட்டுவிடும். அதைப் போட்டால் தப்பு அப்படியே இருக்கும். தேடும்போது சேமித்ததை அப்படியே தேடு, பிளஸை வெட்டாதே. ஒரே ஆள் பத்துக் கணக்கு ஆரம்பித்து சலுகை வாங்குவதைத் தடுக்க வேண்டும் என்று கடைக்காரர் சொன்னால், வெட்டிய வடிவத்தைப் பதிவேட்டில் தனி நெடுவரிசையில் வைத்து ஒப்பிட்டுக்கொள். லாகினுக்கும் மீட்புக்கும் அந்த நெடுவரிசையைப் பயன்படுத்தாதே.

கடைசியாக, பிளஸ் முகவரி ஒன்றில் நீயே கணக்கு ஆரம்பித்து, வெளியே வந்து, பாஸ்வேர்டு மறந்ததாகச் சொல்லி, உள்ளே போய்ப் பார். வெப்பிலும் ஆப்பிலும் தனித்தனியாக.

அப்படியென்றால் இனிமேல் பிளஸ் போடலாமா, வேண்டாமா?

செய்தி மடல், கடைச் சலுகை, ஒருமுறை வாங்கும் இடம், இவற்றுக்குத் தாராளமாகப் போடுங்கள். பணம் வரும் கணக்கு, வங்கி, வரி, இன்னொரு நிறுவனத்துக்கு உங்கள் முகவரியைக் கைமாற்றும் தளம், இவற்றுக்கு வேண்டாம். ஏற்கெனவே போட்டிருந்தால், பாஸ்வேர்டு நினைவில் இருக்கும்போதே இன்றைக்கு ஒருமுறை மீட்பை ஒத்திகை பாருங்கள். வேறொரு போனில் லாகின் விட்டுவைத்து, இந்தப் போனில் பாஸ்வேர்டு மறந்த பட்டனை அழுத்தி, மெயில் வந்து, லிங்க் திறந்து, புது பாஸ்வேர்டு போடும்வரை போங்கள். எங்கே நின்றாலும், அந்த இன்னொரு போனிலிருந்து முகவரியை மாற்றிவிடலாம்.

பிளஸுக்குப் பதில் புள்ளி வைத்தால்?

தனிநபர் ஜிமெயிலில் malai.veedu என்றாலும் malaiveedu என்றாலும் ஒரே பெட்டிதான். பெரும்பாலான சோதனைகள் நடுவில் வரும் புள்ளியைத் தடுப்பதில்லை, லிங்கிலும் கெடாது. அதனால் பிரித்துவைக்க ஆசைப்படுகிறவர்களுக்கு இதைச் சொல்கிறேன். ஆனால் தளங்களுக்கு அது வேறு ஆள்தான், எந்த இடத்தில் புள்ளி வைத்தீர்கள் என்று எழுதி வைக்க வேண்டும். கல்லூரியோ நிறுவனமோ கொடுத்த ஜிமெயிலில் புள்ளி மாறினால் முகவரியே வேறு, அங்கே இதைச் செய்யாதீர்கள்.